இதை மினிட்ஸில் சேர்க்க வேண்டாம்

கூட்டத்தில் பேசுவதை எல்லாம் ஒரு எழுத்து விடாமல் எழுதுவதுதான் என் வேலை என்று என் மாமியார் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி எழுதியிருந்தால் சேர்ந்த மூன்றாம் மாதமே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எதை எழுதக் கூடாது என்று தெரிந்திருப்பதுதான் என் வேலை. பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், கெட்ட பெயர் எடுத்ததில்லை.

எங்களுடையது குளிர்பதனக் கிடங்கு. காய்கறியும் மீனும் மலை மாதிரி அடுக்கியிருக்கும். அதைக் குளிர வைக்க அம்மோனியா ஓடும் பெரிய கம்ப்ரசர்கள் மூன்று. கிடங்கு இரண்டு இடத்தில் இருப்பதாலும், ஆபரேட்டர்கள் ஷிப்டை விட்டு வர முடியாது என்பதாலும் பாதுகாப்புக் குழுக் கூட்டம் ஆன்லைனில்தான் நடக்கும். உறுப்பினர்கள் பதினாலு பேர். அதிகாரிகள் ஏழு, தொழிலாளர்கள் ஏழு. அதிகாரி ஏழு பேரில் ஒருவரான மேலாளர்தான் தலைவர். நான் உறுப்பினர் இல்லை, கூட்டத்தைத் திறந்து, ஓட்டெடுப்பைப் போட்டு, மினிட்ஸ் என்கிற கூட்டக் குறிப்பை எழுதுகிறவள். தொழிலாளர் ஏழு பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர். இரண்டாம் கம்ப்ரசர் அவர் பொறுப்பு. இந்த ஊழியர் பட்டியலில் யாருக்காவது யாராவது சொந்தமாகத்தான் இருப்பார்கள் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வியாழக்கிழமை மதியம் ஒரே ஒரு தீர்மானம்தான். இரண்டாம் கம்ப்ரசரில் அம்மோனியா வெளியே வராமல் அடைக்கிற ஷாஃப்ட் சீல் கசிகிறது என்று புகார் வந்து அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். புகார் வந்த இயந்திரத்தைக் குழு சம்மதிக்காமல் ஓட்டக் கூடாது என்பது கம்பெனியே போட்ட விதி. புது சீல் வர இன்னும் பத்து நாள் ஆகும். சரக்கோ வந்து குவிகிறது. திங்கட்கிழமையே ஓட்டிவிடலாமா என்பதுதான் கேள்வி.

சேட் பெட்டியில் வழக்கமான கூத்து நடந்தது. ஒருவருக்கு ஆடியோ கட்டாகிறது. உற்பத்தி அதிகாரி, மேலாளர் இருமினால்கூட "சூப்பர் சார்" என்று போடுகிறவர், அன்றைக்கும் போட்டார். இதெல்லாம் பதிவில் ஏறாது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒருவர் எழுதி, அதைத் தலைவர் எடுத்துப் பேசினால் ஏறும். எழுதியவரே பதிவு செய்யுங்கள் என்று கேட்டாலும் ஏறும். மற்றதெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரனோடு குசுகுசுப்பது மாதிரிதான்.

தொழிலாளர் பக்கத்துத் தலைவரை எல்லாரும் மீசை என்றுதான் கூப்பிடுவோம். அவர் சேட்டில் எழுதினார்: "ரெண்டாம் ரூம்ல கேஸ் டிடெக்டர் வேலை செய்யுதா?" மேலாளர் அதை வாய்விட்டுப் படித்தார். "நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கு. அடுத்தது" என்றார்.

கசிவு வந்தால் அலாரம் அடித்து, கம்ப்ரசரை நிறுத்தி, வாயுவை வெளியேற்றும் விசிறியைத் தானாக ஓட வைப்பது அந்த டிடெக்டர். அறைக்குள் இருக்கிறவனுக்கு அதுதான் உயிர்.

அந்த நிமிடம் என் திரையில் மட்டும் ஒரு செய்தி விழுந்தது. என் வீட்டுக்காரர் எனக்கு மட்டும் அனுப்பியது. "பொய். மூணு வாரம் முன்னாடி வயரைக் கழட்டுனது நான்தான். அடிக்கடி நிக்குது, கழட்டிடுன்னு அவர்தான் சொன்னார். யார்கிட்டயும் சொல்லாத."

கேமராவை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மூன்று வாரமாக அவர் என் பக்கத்தில்தான் படுக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏம்மா, ஓட்டெடுப்பைப் போடு" என்றார் மேலாளர். போட்டேன். போடும்போது மாதா மாதம் வாசிக்கிற அதே வரியை வாசித்தேன்: "யார் என்ன போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது, தைரியமாப் போடுங்க." திரையில் முடிவு வந்தது. ஓட்டலாம் ஒன்பது, வேண்டாம் எட்டு. தீர்மானம் நிறைவேறியது என்று மேலாளர் அறிவித்தார், கூட்டம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை மினிட்ஸ் எழுத உட்கார்ந்தபோதுதான் என் தலையில் நானே கல்லைப் போட்டுக்கொண்டது தெரிந்தது.

ஒன்பதும் எட்டும் பதினேழு. உறுப்பினர்களோ பதினாலு. சீல் விற்கிற கம்பெனியிலிருந்து இரண்டு பேர், தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் என்று மூன்று பேர் விருந்தாளிகளாக வந்திருந்தார்கள். திரையில் பெட்டி வந்ததும் அவர்கள் பாட்டுக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். போன மாதமும் இதே கதை நடந்தது. அப்போது யார் போட்டது என்று பிரிக்க வழியில்லாமல் திரும்ப ஓட்டெடுத்தோம். அதனால் இந்த முறை பிரிக்க வசதியாக இருக்கட்டும் என்று நானே கூட்டத்துக்கு முந்தின நாள் 'பெயர் மறைக்கவும்' என்கிற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்து வைத்தேன். எடுத்தவள், கூட்டத்தில் பழைய வரியை அப்படியே ஒப்பித்திருக்கிறேன். வாய் பழக்கத்தில் பொய் சொல்லியிருக்கிறேன்.

அறிக்கையை இறக்கினேன். பதினேழு பெயரும் எதிரே ஓட்டும் வரிசையாக வந்தன. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். விருந்தாளி மூவரும் ஓட்டலாம். அவர்களைக் கழித்தால் ஓட்டலாம் ஆறு, வேண்டாம் எட்டு. தீர்மானம் தோற்றிருக்கிறது.

வேண்டாம் எட்டில் தொழிலாளர்கள் ஆறு பேர். மீதி இரண்டு பேர் அதிகாரிகள். ஸ்டோர்ஸ் அதிகாரி ஒருவர். இன்னொருவர், நம்புங்கள், அந்த சூப்பர் சார்.

ஏழாவது தொழிலாளி ஓட்டலாம் என்று போட்டிருந்தார். அது என் வீட்டுக்காரர். திங்கட்கிழமை அந்த அறைக்குள் நிற்கப்போகிறவர், வயர் கழன்று கிடப்பதை அறிந்தவர், தன் தலைக்குத் தானே சம்மதம் கொடுத்திருக்கிறார். முதலில் கோபம் வந்தது. அப்புறம் பயம் வந்தது, வந்தது போகவே இல்லை.

மேலாளர் அறிவித்ததை நானாக மாற்றி எழுத முடியாது. ஆனால் தப்பென்று தெரிந்த கணக்கை வாயை மூடிக்கொண்டு எழுதவும் முடியாது. தலைவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வரைவை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

அவர் முதலில் நிறுத்தியது மீசையின் கேள்வியில். "டிடெக்டர் பத்தி எதுக்கு? சேட்ல சும்மா கேட்டது. மினிட்ஸ்ல வேண்டாம்."

"நீங்க படிச்சு பதில் சொல்லிட்டீங்க சார். கேள்வியும் வரும், பதிலும் வரும்."

'டிடெக்டர் இயங்குவதாகத் தலைவர் தெரிவித்தார்' என்று நான் எழுதியிருந்த வரியை இன்னொரு தரம் படித்தார். விதிப்படி சரியான வரி. பொய்யான வரியும் அதுதான். எனக்கு வந்த செய்தி ஒருவருக்கு மட்டும் அனுப்பியது, அது கூட்டத்தின் பகுதி இல்லை, பதிவில் வராது. அதுவும் விதிப்படி சரி. விதி என்னைக் காப்பாற்றுகிறது என்று சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன்.

ஓட்டுக் கணக்குக்கு வந்தார். "இதென்ன ஆறு, எட்டு? ஒன்பது எட்டுன்னு நான் அறிவிச்சேனே."

"மூணு விருந்தாளிங்க போட்டிருக்காங்க சார். உறுப்பினர் ஓட்டு மட்டும்தான் செல்லும்."

"சரி, கழிச்சுக்க. மூணு பேரும் ஓட்டலாம்னுதான் போட்டாங்கன்னு உனக்கெப்படித் தெரியும்?"

பதில் என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். அவர் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார்.

"ஓ. பேரோட இருக்கா?"

"என் தப்பு சார். டிக்கை எடுத்திருந்தேன். ரகசியம்னு சொன்னது தப்புன்னும் மினிட்ஸ்ல எழுதிடறேன்."

"அதெல்லாம் எழுத வேண்டாம். அந்த லிஸ்ட்டை இணைப்பா வை. பதிவு முழுசா இருக்கணுமில்ல?"

அவர் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. எட்டுப் பேரின் முகமும் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிற பாக்கிங் பெண் அதில் ஒருத்தி. என் வாயை நம்பித்தான் போட்டாள்.

"எண்ணிக்கை மட்டும்தான் சார் வரும். பேர் சொல்லி ஓட்டெடுத்தாதான் பேர் எழுதலாம். விதியில இருக்கு."

"விதியா? சரி, பேர் சொல்லியே எடுப்போம்" என்றார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு. ஒவ்வொருத்தனையா நீ கூப்பிடு, வாயால சொல்லட்டும். எவன் வேண்டாம்னு சொல்றான்னு நானும் பாக்கறேன். அந்த லிஸ்ட்டை அப்புறம் வாங்கிக்கறேன். மீட்டிங் அக்கவுண்ட் கம்பெனியோடதுதானே."

என் மேசைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டேன். முகத்துக்கு நேரே கேட்டால் அந்த இரண்டு அதிகாரிகளும் ஒரு நொடி தாங்க மாட்டார்கள். அதிகாரிகள் ஏழு பேரும் ஓட்டலாம். தொழிலாளர்கள் ஆறு பேர் வேண்டாம். மீதி ஒரே ஒருவர். அவர் ஓட்டலாம் என்றால் எட்டுக்கு ஆறு, கம்ப்ரசர் ஓடும். வேண்டாம் என்றால் ஏழுக்கு ஏழு, சமமாக வந்தால் தீர்மானம் தோற்றது என்று விதி. இதை நான் ஒருத்தி மட்டும்தான் அறிவேன். மீசையிடமும் சொல்ல முடியாது. அறிக்கையை ஓர் உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். பூட்டி என்ன பிரயோஜனம், கம்ப்யூட்டரில் இருக்கத்தானே செய்கிறது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து துணி மாற்றும் வரை பொறுத்தேன். அப்புறம் கேட்டேன். "ஏங்க, ஓட்டலாம்னு போட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரிஞ்சிருக்கு பாரு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"யாருக்கும் தெரியாதுன்னு நீ சொன்னே. உன் கம்ப்யூட்டர்ல விழுறது அந்த ஆளு கண்ணுல விழாம போயிடுமா? அதான் அவருக்குப் பிடிச்ச மாதிரி போட்டேன்." சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார். "தப்பா நினைச்சேனா, சொல்லு."

தப்பாக நினைக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக நான் வாசித்துவரும் அந்த வரியை என் கூடவே குடித்தனம் நடத்துகிறவர் நம்பவில்லை, நம்பாததுதான் சரியாகவும் போயிற்று. எனக்கு அழுகை வந்தது.

"திங்கக்கிழமை அந்த ரூமுக்குள்ள நீங்கதானேங்க நிக்கப்போறீங்க?"

"வாடை வந்தா ஓடியாந்துடுவேன்."

"டக்குன்னு சீல் பிச்சுக்கிட்டா?"

மடித்த சட்டையை வைத்துவிட்டு, "வயரைக் கழட்டுனது என் கை. அவர் வாயால சொன்னதுக்கு சாட்சி யாரு? ஏதாவது ஆச்சுன்னா ஜெயிலுக்குப் போறது நான். அது வெளியவே வரக் கூடாது, புரியுதா?" என்றார். புரிந்தது. நாளைக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. மற்றவர்கள் எப்படிப் போட்டார்கள் என்று சொல்லாமல், உங்கள் ஒரு ஓட்டில்தான் இருக்கிறது என்று சொல்ல முடியாது. சொன்னால் அந்தப் பூட்டுக்கு அர்த்தமில்லை. கேட்கவில்லை. சோற்றைப் போட்டேன், இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணி. விருந்தாளிகள் யாரும் இல்லை. பதினாலு கட்டங்களிலும் முகங்கள். கேமராவை எல்லாரும் போட வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். முதலில் வியாழக்கிழமைக் கணக்கில் உறுப்பினர் அல்லாதவர்களின் ஓட்டு சேர்ந்துவிட்டது, அதனால் அது செல்லாது என்று படித்தேன். ரகசியம் என்று நான் சொன்னது உண்மையில்லை, பெயர்கள் பதிவாகியிருந்தன, தப்பு என்னுடையது என்றும் படித்தேன். மேலாளர் சொல்ல வேண்டாம் என்றதுதான். ஆனாலும் படித்தேன். பாக்கிங் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சூப்பர் சார் திரைக்கு இன்னும் கிட்டத்தில் வந்தார், அவர் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

பட்டியலில் பதவி வரிசைப்படி கூப்பிட்டேன். உற்பத்தி அதிகாரி. "ஓட்டலாம், ஓட்டலாம்" என்று இரண்டு முறை சொன்னார். ஸ்டோர்ஸ் அதிகாரி கீழே பார்த்துக்கொண்டே ஓட்டலாம் என்றார். ஏழு பேரும் ஒரே சொல். நான் நினைத்தபடியே ஆயிற்று, அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

தொழிலாளர் பக்கம். மீசை, "வேண்டாம்" என்று போட்டு உடைத்தார். அடுத்து, அடுத்து. பாக்கிங் பெண்ணுக்குக் குரலே வரவில்லை. திரும்பக் கேட்டேன். "வேண்டாம் மேடம்" என்றாள், சொல்லிவிட்டு அழுதாள். ஏழுக்கு ஆறு.

"இரண்டாம் கம்ப்ரசர் ஆபரேட்டர்" என்று கூப்பிட்டேன்.

அவர் கம்ப்ரசர் அறை வாசலில் நின்று போனிலிருந்து கூட்டத்தில் சேர்ந்திருந்தார். பின்னால் நீலக் குழாய்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "மைக் ஆஃப்ல இருக்குங்க" என்றேன், வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே வாய் தவறி வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

மைக்கைப் போட்டார். "வேண்டாம்" என்றார்.

மேலாளர் கேட்டார்: "நீதானே அந்த மெஷினை ஓட்டுறவன்? உனக்கென்ன பிரச்சினை?" காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

"டிடெக்டர் ஓடலை சார். வயர் கழண்டு மூணு வாரமாச்சு."

"யார் கழட்டுனது?"

"நான்தான். நீங்க சொன்னீங்க, நான் கழட்டுனேன்." அப்புறம் நேராகக் கேமராவைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். "இதைப் பதிவு பண்ணு."

எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். அந்த இரைச்சலுக்குள் மேலாளரின் குரல் மட்டும் நிதானமாக வந்தது. "ஏம்மா, இதை மினிட்ஸ்ல சேர்க்க வேண்டாம். உன் வீட்டுக்காரர் வாயைக் குடுத்து மாட்டிக்கறார். யோசிச்சுக்க. எழுத்துல ஏறிட்டா அப்புறம் கழட்டுனது அவர் கைதான், என் கை இல்லை."

மிரட்டல்தான். ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை. மேலாளரும் நானும் ஒரே விஷயத்துக்கு ஆசைப்பட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. தீர்மானம் ஏழுக்கு ஏழில் தோற்றுவிட்டது, கம்ப்ரசர் ஓடாது, என் வீட்டுக்காரர் திங்கட்கிழமை உயிரோடு வீட்டுக்கு வருவார். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? ஓட்டுக் கணக்கை மட்டும் எழுதிவிட்டு, மீதியை விவாதம் நடந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அப்படி எத்தனையோ வரி முடித்திருக்கிறேன், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அவர்கூட பிறகு எனக்கு நன்றிதான் சொல்வார்.

ஆனால் வாயால், எல்லாரும் கேட்க, பதிவு செய்யச் சொல்லி உறுப்பினர் ஒருவர் சொன்னது அது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

எழுதினேன். இரண்டு தடவை தப்பாக வந்தது, அழித்துவிட்டு எழுதினேன். ஒருவர் கேட்டுப் பதிவு செய்தால் அதைக் கூட்டத்திலேயே வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தேன். "இரண்டாம் கம்ப்ரசர் ஆபரேட்டர், மேலாளரின் வாய்மொழி உத்தரவின்பேரில் மூன்று வாரங்களுக்கு முன் வாயு டிடெக்டரின் இணைப்பைத் தாம் துண்டித்ததாகத் தெரிவித்து, அதைப் பதிவு செய்யக் கோரினார். சேர்க்க வேண்டாம் என்று தலைவர் கூறினார்."

அடுத்து ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். "திருத்தம் ஏதாவது இருக்கா?"

யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மேலாளர் சத்தம் போடட்டும். என் வீட்டுக்காரர் பயந்து, இல்லை, வேண்டாம், எடுத்துவிடு என்று சொல்லட்டும். சொன்னால் மனைவியாக இல்லாமல், மினிட்ஸ் எழுதுகிறவளாகவே அந்த வரியை எடுத்துவிடலாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு முழு நிமிடம் கொடுத்தேன். வழக்கமாக ஐந்து நொடிகூடக் கொடுக்க மாட்டேன்.

பதினாலு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சேமித்தேன்.